தொடர்நாள் எண்ணும் செயலியும் தென்காசிக் குளக்கரையும்

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் ஆடுபான் சங்கத்துடன் சேர்ந்து 2002-இல் தொடங்கிய ஈபேர்டு, பறவை பார்ப்பவர் தம் பட்டியலைப் பதிவுசெய்ய உதவும் தளமாகும். அத்தளத்திலும் அதன் கைபேசிச் செயலியிலும் விளையாட்டின் கூறுகள் பல உள்ளன. வாழ்நாளில் கண்ட இனங்களின் எண்ணிக்கை, மாவட்ட வாரியான முதல் நூறு பேர் வரிசை, இடையறாமல் எத்தனை நாள் பட்டியல் அனுப்பப்பட்டது என்பதைக் காட்டும் தொடர்நாள் கணக்கு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி, ஒருபுறம் குற்றாலத்து மழைக்காடும் மறுபுறம் குளங்கள் நிறைந்த சமவெளியும் கொண்டது. ஆகவே இச்செயலியின் நிறைகுறைகளை ஆராய ஏற்ற மாவட்டம்.

தொடர்நாள் கணக்கின் பயன் மெய்யானது. அரிய பறவைக்காக மட்டும் வெளியே செல்பவர், ஊரில் எப்போதும் இருக்கும் காகத்தையும் மைனாவையும் மடையானையும் எழுதுவதில்லை. நாள்தோறும் ஒரு பட்டியல் என்ற தூண்டுதலோ அவரை மொட்டைமாடியில் நின்று எளிய பறவைகளையும் எண்ண வைக்கிறது. இத்தகைய பதிவுகள் பெருகியதால்தான், 30,000-க்கும் மேற்பட்டோரின் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களின் நிலையை மதிப்பிட்ட 2023-ஆம் ஆண்டு 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை சாத்தியமாயிற்று.

ஆனால் தொடர்நாள் கணக்கு, பட்டியல் வந்ததா என்பதை மட்டுமே பார்க்கிறது. ஒரு மணி நேரம் நிதானமாக எண்ணியதும், படுக்கப்போகும் முன் நினைவிலிருந்து தட்டிவிட்டதும் அதற்கு ஒன்றே. கேடு நுழையும் இடம், அனுப்பும்போது செயலி கேட்கும் ஒரு கேள்வி: அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் எழுதியாயிற்றா என்பது. 'ஆம்' என்றால் அது முழுமையான பட்டியல். அதில் ஒரு பறவையின் பெயர் இல்லையெனில், தேடியும் அது தென்படவில்லை என்று பொருள். ஒரு குளக்கரையில் பத்து முழுமையான பட்டியல்கள் எடுக்கப்பட்டன என்றும், பத்து முறையும் அங்கே காகம் இருந்தது என்றும் கொள்வோம். அவற்றுள் நான்கை, தொடர் அறுந்துவிடாதிருக்க அவசரமாகக் கூழைக்கடாவை மட்டும் எழுதி, 'ஆம்' என்று அனுப்பினால், காகம் 60 விழுக்காட்டுப் பட்டியல்களில்தான் இருந்ததாகக் கணக்கு காட்டும். எங்கும் போகாத காகம் குறைந்துவிட்டதாகத் தோன்றும். அவசரமெனில் 'இல்லை' என்பதே நேர்மையான விடை. அப்போதும் தொடர் அறுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வாழ்நாள் எண்ணிக்கை வேறொரு வழியில் ஏமாற்றுகிறது. பனிக்காலத்தில் குற்றாலத்து மரங்களுக்கு வலசை வரும் கதிர்க்குருவிகளில் சில இனங்கள் உருவத்தால் மிக நெருக்கமானவை. குரல் கேட்டாலன்றி அனுபவசாலிகளும் பிரித்துச் சொல்லத் தயங்குவர். புதிய எண்ணை விரும்புபவர், குரலைக் கேட்டுப் பெயர் முன்வைக்கும் மெர்லின் செயலி காட்டியதை அப்படியே பதிந்துவிடுகிறார். இனம் குறிப்பிடாமல் 'கதிர்க்குருவி' என்று மட்டும் பதிய ஈபேர்டில் இடமுண்டு. அதைப் பயன்படுத்தத் தொடங்கியவரின் எண்ணிக்கை சில காலம் நின்றுபோகலாம், ஆனால் அவருடைய கண் தேர்கிறது. முன்னேற்றம் இங்கே எண்ணுக்கு எதிர்த்திசையில் செல்கிறது. மெர்லினைத் திறக்குமுன் தம் ஊகத்தைத் தாளில் எழுதிவைத்துப் பின்னர் ஒப்பிடுபவருக்கு, எந்தக் குரலில் தாம் தவறுகிறார் என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும்.

தொடரைத் துரத்தத் தொடங்கிவிட்டதைப் பழைய பட்டியல்களே காட்டிக்கொடுக்கும். எண்ணிக்கைக்குப் பதில், 'இருந்தது' என்று மட்டும் பொருள்படும் X குறி பெருகியிருக்கும். பட்டியலின் நேரம் ஒரு நிமிடம், இரண்டு நிமிடமாகச் சுருங்கியிருக்கும். நேற்றைய எண்களே இன்றும் நிற்கும். இம்மூன்று அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் நாள்தோறும் பதியும் வழக்கத்தை விட்டு, வாரத்தில் ஒரு காலை, ஒரே குளத்தின் ஒரே கரையில், அரை மணி நேரம், எல்லாவற்றையும் எண்ணிப் பதிவது மேல். தொடர் அறும், ஆனால் ஐப்பசியில் எது வந்தது, பங்குனியில் எது போனது என்பதை அந்தக் கரையே சொல்லத் தொடங்கும். இது நாள்தோறும் எழுதிய இரண்டு நிமிடப் பட்டியல்களால் கிட்டாதது.

குற்றாலத்தில் இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. சாரல் காலத்தில் பேரருவியின் இரைச்சலில் காட்டுப் பறவைகளின் குரல் அடங்கிவிடுவதால், அருவியருகே எடுத்த ஆனிப் பட்டியலை, நீர் வற்றிய மாசிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பறவைகள் குறைந்தன என்று முடிவுகட்ட இயலாது. அருவிச் சத்தம் எட்டாத இடத்தை முதலிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும். இயலாதபோது, பட்டியலின் குறிப்புப் பகுதியில் இரைச்சல் இருந்ததை எழுதிவைக்க வேண்டும்.