யாரிடம் சொல்வது? – ஓர் ஆசிரியர் கடிதமும் அதில் இல்லாத ஒரு வரியும்

2023 மே 26 அன்று லண்டனிலிருந்து வரும் பைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழின் ஆசிரியர் ரூலா கலாஃப் ஒரு கடிதம் வெளியிட்டார். சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்த நேரம். கடிதம் வாசகர்களுக்குத்தான் எழுதப்பட்டது. ஆனால் அதில் உள்ள விதிகள் கட்டிப்போடுவது அந்தப் பத்திரிகையின் செய்தியாளர்களை. அதனால் ஒரு செய்தியாளர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் படித்துப் பார்த்தேன். நாளைக்குக் காலையில் நான் என்ன செய்யலாம், செய்ததை யாரிடம் சொல்ல வேண்டும்? இந்த ஒரு கேள்விதான் என் அளவுகோல்.

முதலில் கடிதம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். செய்திகளை மனிதர்கள்தான் சேகரிப்பார்கள், மனிதர்கள்தான் எழுதுவார்கள். நிஜம்போல் தோன்றும் படங்களை இயந்திரத்தைக் கொண்டு உருவாக்கி வெளியிட மாட்டோம். விளக்கப்படங்கள் போன்றவற்றில் அதன் உதவியை எடுத்துப் பார்க்கலாம். எடுத்தால் வாசகருக்குத் தெளிவாகச் சொல்வோம். தரவுகளைத் துழாவுவது, உரைகளை ஆராய்வது, மொழிபெயர்ப்பது போன்ற வேலைகளில் பரிசோதனை செய்ய ஒரு குழு இருக்கும். செய்தி அறையில் நடக்கும் எல்லாப் பரிசோதனைகளும் ஓர் உள் பதிவேட்டில் ஏறும். வெளி நிறுவனங்கள் நமக்குத் தரும் பொருளில் இந்தக் கருவி இருந்தால், முடிந்த அளவுக்கு அதுவும் ஏறும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தப் பதிவேடு. வெளிப்படைத்தன்மை என்ற பெரிய வார்த்தையை ஒரு நோட்டுப்புத்தகமாக ஆக்கிவிட்டார் ஆசிரியர். பின்னால் ஒரு தப்பு வந்தால் "எந்தக் கருவி, யார் பயன்படுத்தினது?" என்று திருப்பிப் பார்க்க ஓர் இடம் இருக்கும். பொறுப்போடு பயன்படுத்துங்கள் என்று உபதேசம் மட்டும் செய்கிற கடிதத்தைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் படங்களுக்கு இருக்கிற அந்த "வாசகருக்குச் சொல்வோம்" என்ற வரி, சொற்களுக்கு இல்லை. ஏன் இல்லை என்றால், எழுதுவது மனிதர் என்று முதலிலேயே சொல்லியாகிவிட்டது. அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது என்பது கடிதத்தின் தர்க்கம். இங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு செய்தியாளருக்குத் துருக்கி மொழியில் ஒரு நிறுவனத்தின் கூட்டக் குறிப்பு கிடைக்கிறது. அவருக்குத் துருக்கி மொழி தெரியாது. சாட்பாட்டில் போட்டு மொழிபெயர்க்கிறார். மூலத்தில் தலைவர் "ஆலையை மூடுவதைப் பரிசீலிக்கலாம்" என்கிறார். மொழிபெயர்ப்பில் அது "ஆலையை மூடுவோம்" என்று வந்துவிடுகிறது. செய்தியாளர் தன் கையாலேயே செய்தியை எழுதுகிறார், அந்த வாக்கியத்தை மட்டும் மேற்கோள் குறிக்குள் போடுகிறார். செய்தியை எழுதினது மனிதர்தான், விதி மீறப்படவில்லை. ஆனால் அந்தச் செய்தியிலேயே கனமான வாக்கியம் இயந்திரத்துடையது, வாசகருக்கு அது தெரியாது. மொழிபெயர்ப்பு இன்றைக்கு அன்றாட வேலை. அன்றாட வேலையைப் "பரிசோதனை" என்று யாரும் பதிவேட்டில் எழுதப் போவதில்லை.

சரி, வாசகருக்கு ஒரு வரி சொல்லிவிட்டால் போதுமா? போதாது என்பதற்குச் சிநெட் தளம் சாட்சி. 2022 நவம்பர் முதல் அந்தத் தளம் பணம் தொடர்பான விளக்கக் கட்டுரைகளை இயந்திரத்தைக் கொண்டு தயாரித்து வெளியிட்டது. பெயர் இடத்தில் "சிநெட் மணி ஸ்டாஃப்" என்று இருக்கும். அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோனால்தான், தானியங்கித் தொழில்நுட்பத்தால் உருவானது, ஆசிரியர் குழு சரிபார்த்தது என்ற குறிப்பு விரியும். அப்படி வந்த ஒரு கட்டுரை, 10,000 டாலரை ஆண்டுக்கு 3 சதவீத வட்டியில் போட்டால் முதல் ஆண்டு முடிவில் 10,300 டாலர் சம்பாதிப்பீர்கள் என்றது. சம்பாத்தியம் 300 டாலர்தான். 10,300 என்பது அசலும் சேர்ந்த தொகை. எட்டாம் வகுப்புக் கணக்கு. 2023 ஜனவரியில் விஷயம் வெளியே வந்ததும் 77 கட்டுரைகளை மறுபடி பார்த்து, 41-இல் திருத்தம் போட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, குறிப்பு அங்கே இருந்தது என்பதுதான். மறைக்கவில்லை என்று சட்டப்படி வாதாடலாம். ஆனால் படிக்கிறவர் கண்ணில் படாத இடத்தில் இருந்தது. சரிபார்த்ததாகச் சொன்ன பகுதியும் நிற்கவில்லை. ஆக, அறிவிப்பு எங்கே நிற்கிறது, எதற்கு உறுதி தருகிறது என்ற இரண்டையும் விதி சொல்லாவிட்டால் அது ஒரு சடங்காகிவிடும்.

அடுத்தது வெளியிலிருந்து வரும் பொருள். 2025 மே 18 ஞாயிற்றுக்கிழமை சிகாகோ சன்-டைம்ஸ் இதழோடு ஒரு கோடைக்கால இணைப்பு வந்தது. அதில் படிக்க வேண்டிய 15 புத்தகங்களின் பட்டியல். எழுத்தாளர்கள் எல்லாரும் நிஜம், இசபெல் அயெந்தே மாதிரி பெரிய பெயர்கள். ஆனால் 10 புத்தகங்கள் உலகத்திலேயே இல்லாதவை. இணைப்பைத் தயாரித்துக் கொடுத்தது ஒரு வெளி நிறுவனம். அதற்காக எழுதின தனி எழுத்தாளர் இயந்திரத்தைப் பயன்படுத்தினார், சரிபார்க்கவில்லை. எங்கள் செய்தி அறை இதைத் தயாரிக்கவில்லை என்றது பத்திரிகை. உண்மைதான். ஆனால் வாசகர் காசு கொடுத்து வாங்கியது அந்தப் பத்திரிகையைத்தானே? கலாஃப் கடிதத்தின் "முடிந்த அளவுக்கு" என்ற சொற்கள் எவ்வளவு பெரிய ஓட்டை என்பதை இந்தப் பட்டியலை வைத்து அளந்துகொள்ளலாம். அதே சமயம் இப்படி ஓர் இடர் வரும் என்று இரண்டு வருடம் முன்பே ஊகித்த கடிதம் இது என்பதையும் சொல்ல வேண்டும்.

செய்தியாளர் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு. பெஞ்சமின் டாஃப், பெலிக்ஸ் சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க வாசகர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். இயந்திரம் தயாரித்தது என்ற முத்திரை இருந்தால், அதே செய்தியின் மேல் நம்பிக்கை குறைகிறது. உண்மையைச் சொன்னவருக்குத் தண்டனை, சொல்லாமல் விட்டவருக்கு ஒன்றுமில்லை. அப்படியென்றால் யார் சொல்வார்கள்? ஆனால் அதே ஆய்வில், எந்த ஆதாரங்களை வைத்துத் தயாரானது என்ற பட்டியலும் கூட இருந்தபோது அந்தச் சரிவு பெருமளவு காணாமல் போனது. வெறும் முத்திரை சந்தேகத்தைக் கிளப்புகிறது, ஆதாரம் அதை அடக்குகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இதையெல்லாம் வைத்து, அந்தக் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்: வெளியாகும் செய்தியில் உள்ள ஒரு தகவலோ மேற்கோளோ இயந்திரத்தின் வழியாக வந்திருந்தால், எந்த வேலைக்கு அது பயன்பட்டது, மூலத்தோடு ஒப்பிட்டது யார் என்பதைச் செய்தியின் உடலிலேயே எழுத வேண்டும். துருக்கி உதாரணத்தில் அது இப்படி இருக்கும்: "மூலக் குறிப்பு துருக்கி மொழியில் உள்ளது, இயந்திர மொழிபெயர்ப்பை மொழி அறிந்த ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தார்." எழுத்துப்பிழை பார்க்கவும் தலைப்புக்கு யோசனை கேட்கவும் இந்த வரி தேவையில்லை, அங்கெல்லாம் போட ஆரம்பித்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

அப்படி ஒரு வரி எழுத வேண்டியிருந்தால், செய்தியாளர் முதலில் மொழி தெரிந்த ஒருவரைத் தேடிப் போயாக வேண்டும். "மூடுவோம்" என்ற சொல் அச்சுக்குப் போவதற்கு முன்பே அவர் கண்ணில் மாட்டியிருக்கும்.