ஏறினால் நஷ்டமில்லை என்பதன் விலை

கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் பரனூரில் இறங்கினால் மகேந்திரா சிட்டி. அங்கே இன்ஃபோசிஸின் பெரிய வளாகம் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய இந்த ஊர்களில் பல வீடுகளின் சம்பளமும் வாடகையும் ஐ.டி. துறையைச் சார்ந்தவை. அதனால் பங்குச் சந்தைக்கு வரும் இந்தப் பகுதிக்காரருக்கு இன்ஃபோசிஸ் தெரிந்த பெயர், நம்பிக்கையான பெயர். 'விலை ஏறும், குறைந்தபட்சம் பெரிதாக விழாது' என்று நினைப்பவருக்கு ஆப்ஷன் சந்தை நீட்டும் உத்திகளில் மிகவும் ஈர்ப்பானது புரோக்கன் விங் பட்டர்ஃபிளை. விலை எவ்வளவு ஏறினாலும் நஷ்டமில்லை, கொஞ்சம் இறங்கினால் நல்ல லாபம், நிறைய இறங்கினால் மட்டும் ஓர் எல்லைக்குட்பட்ட நஷ்டம் என்பது அதன் வாக்குறுதி. அந்த வாக்குறுதி பொய்யல்ல. ஆனால் அதற்கான விலை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்காமல் அதை எடைபோட முடியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இன்ஃபோசிஸ் 1,390 ரூபாயில் இருக்கிறது, எக்ஸ்பைரிக்கு இரண்டு வாரம் இருக்கிறது, ஒரு லாட்டுக்கு 400 பங்கு என்று வைத்துக்கொள்வோம். பிரீமியங்களும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவையே. 1,400 ஸ்ட்ரைக்கில் ஒரு புட் 43 ரூபாய்க்கு வாங்குகிறோம். 1,360-ல் இரண்டு புட்களைத் தலா 25-க்கு விற்கிறோம். 1,280-ல் ஒரு புட் 5 ரூபாய்க்கு வாங்குகிறோம். கொடுத்தது 48, வந்தது 50. பங்குக்கு 2 ரூபாய், லாட்டுக்கு 800 ரூபாய் கையில் நிற்கிறது. சாதாரண பட்டர்ஃபிளையில் நடு ஸ்ட்ரைக்கிலிருந்து இரு பக்கமும் ஒரே தூரம் இருக்கும். இங்கே மேல் இறக்கை 40 ரூபாய், கீழ் இறக்கை 80 ரூபாய். எக்ஸ்பைரி அன்று விலை 1,400-க்கு மேல் இருந்தால் எல்லா புட்களும் காலாவதியாகி அந்த 800 ரூபாய் நமக்கே. சரியாக 1,360-ல் முடிந்தால் பங்குக்கு 42, லாட்டுக்கு 16,800 ரூபாய் லாபம். 1,318-க்குக் கீழே போனால் நஷ்டம் தொடங்கும். 1,280-க்குக் கீழே எவ்வளவு விழுந்தாலும் பங்குக்கு 38, லாட்டுக்கு 15,200 ரூபாயோடு நஷ்டம் நின்றுவிடும்.

இதன் பலம் உண்மையானது. வெறுமனே புட் விற்பவருக்கு நஷ்டம் பங்கு பூஜ்யமாகும் வரை நீளலாம், இங்கே அது 1,280-லேயே நின்றுவிடும். 2024-25 நிதியாண்டில் பங்கு டெரிவேட்டிவ்களில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 91 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள் என்று செபியின் ஆய்வு சொல்கிறது. அப்படிப்பட்ட களத்தில், நுழையும் முன்பே அதிகபட்ச நஷ்டத்தை எழுதி வைத்துக்கொள்ள முடிவது சிறிய விஷயமல்ல. வெறும் கால் வாங்குபவர் விலை அசையாமல் நின்றாலே தோற்கிறார். இந்த உத்தியில் விலை நின்றாலும் தோற்பதில்லை. நம் சந்தையில் இன்னொரு வசதியும் உண்டு. 2011 முதல் நமது பங்கு ஆப்ஷன்கள் ஐரோப்பிய வகை. விற்ற புட்டை எக்ஸ்பைரிக்கு முன்பு யாரும் நம் மீது செயல்படுத்த முடியாது. அமெரிக்கப் பங்குகளில் இதைச் செய்பவருக்கு இருக்கும் அந்தத் தலைவலி இங்கே இல்லை.

இப்போது அந்த நான்கு புட்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இடையில் 1,320 ஸ்ட்ரைக்கின் புட் 13 ரூபாய் என்று கொள்வோம். நம் அமைப்பை இரண்டு துண்டாக எழுதலாம். முதல் துண்டு 1,400, 1,360, 1,320 என்ற சமச்சீரான பட்டர்ஃபிளை. அதன் விலை 6 ரூபாய். விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த 6 ரூபாய்தான் போகும். இரண்டாவது துண்டு, 1,320 புட்டை 13-க்கு விற்று 1,280 புட்டை 5-க்கு வாங்கும் ஒரு ஸ்ப்ரெட். அதில் 8 ரூபாய் வருகிறது. இரண்டையும் சேர்த்தால் நம் 2 ரூபாய் கிரெடிட் சரியாகக் கிடைக்கிறது. ஆக, மேல் பக்கத்து நஷ்டத்தை எந்த வடிவ நுட்பமும் நீக்கவில்லை. விலை சரிந்தால் 40 ரூபாய் வரை ஈடு தருகிறேன் என்று யாருக்கோ 8 ரூபாய்க்குக் காப்பீடு விற்று, அந்தப் பணத்தில் பட்டர்ஃபிளையின் 6 ரூபாயைக் கட்டியிருக்கிறோம். 'ஒரு பக்கம் ரிஸ்க் இல்லை' என்பதன் முழு அர்த்தம் இதுதான். எனவே இந்த உத்தி நல்லதா என்ற கேள்வி, இந்தப் பங்கில், இந்த இரண்டு வாரத்துக்கு, 1,320-க்கும் 1,280-க்கும் இடையே காப்பீடு விற்க 8 ரூபாய் போதுமா என்ற கேள்வியாகச் சுருங்குகிறது. பெரும்பாலானவர்கள் கேட்காமல் விடும் கேள்வி அது. திரையில் தெரியும் லாப நஷ்டப் படம், தட்டையான வலப்பக்கத்தையும் நடுவில் உயர்ந்த முனையையும் முதலில் கண்ணில் காட்டுகிறது. இடப்பக்கம் 'அரிதாக நடப்பது' என்று ஒதுங்கி நிற்கிறது.

அது எவ்வளவு அரிது என்பதற்கு 2023 ஏப்ரலைப் பார்க்கலாம். ஏப்ரல் 13, வியாழக்கிழமை, சந்தை முடிந்தபின் இன்ஃபோசிஸ் காலாண்டு முடிவுகளை அறிவித்தது. அன்றைய விலை 1,390-ஐ ஒட்டி இருந்தது. மேலே போட்ட கணக்கை அதனால்தான் அந்த விலையில் வைத்தேன். அப்போது தொடங்கியிருந்த நிதியாண்டின் வருவாய் வளர்ச்சி 4 முதல் 7 சதவீதம்தான் இருக்கும் என்று நிறுவனம் சொன்னது. மறுநாள் அம்பேத்கர் ஜெயந்தி விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. திங்கட்கிழமை பங்கு பெரும் இடைவெளி விட்டு இறங்கி, நடுவே 1,200-க்கும் கீழே போய், 9 சதவீதத்துக்கு மேல் சரிந்து 1,260-ஐ ஒட்டி முடிந்தது. நம் அமைப்பு அந்த விலையில் எக்ஸ்பைரி ஆகியிருந்தால் நஷ்டம் அதிகபட்சத்தையே தொட்டிருக்கும்: 15,200 ரூபாய். அதற்கு எதிராக, பங்கு அதே அளவு ஏறியிருந்தால் கிடைத்திருப்பது 800 ரூபாய்.

இதற்கு வழக்கமாக வரும் பதில், ஸ்டாப் லாஸ் வைத்திருப்போம், 1,330 வந்ததுமே வெளியேறியிருப்போம் என்பது. படிப்படியாக இறங்கும் பங்கில் அது சரி. ஆனால் தனிப் பங்குகளின் பெரிய சரிவு பெரும்பாலும் ஓர் அறிவிப்பை ஒட்டி, சந்தை மூடியிருக்கும் நேரத்தில் நடக்கிறது. அந்த வியாழனுக்கும் திங்களுக்கும் இடையே 1,330 என்ற விலையில் யாரும் எதையும் விற்கவில்லை, வாங்கவில்லை. இண்டெக்ஸில் பல நிறுவனங்களின் செய்தி ஒன்றையொன்று ஈடுகட்டும். தனிப் பங்கில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே இதே வடிவம் நிஃப்டியில் நடந்துகொள்வதைப் பார்த்துவிட்டு இன்ஃபோசிஸில் போடுவது தவறான பாடம். இன்னொரு பதில், ஜெயிக்கும் வாய்ப்பு அதிகம் என்பது. அதிகம்தான். பத்தில் எட்டு முறை சிறு தொகை வந்து, மீதி முறை பெருந்தொகை போவதுதான் காப்பீடு விற்பதன் இயல்பு. பிரீமியம் நியாயமாக இருந்தால் நீண்ட ஓட்டத்தில் இரண்டும் சரிக்குச் சரியாகும். செலவு மட்டும் மிஞ்சும். அந்தச் செலவும் சிறிதல்ல. பங்கு ஆப்ஷன்களில் பணத்துக்கு வெகு தூரமான ஸ்ட்ரைக்குகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும். நான்கு லாட்டில் ஒவ்வொன்றிலும் அரை ரூபாய் பிசகினால் அந்த 2 ரூபாய் கிரெடிட் அங்கேயே தீர்ந்துவிடும். புரோக்கரேஜும் எஸ்.டி.டி.யும் சேர்ந்தால் 'ரிஸ்க் இல்லாத' பக்கமும் சிறு நஷ்டத்துக்குள் இறங்கிவிடும். இன்ஃபோசிஸ் போன்ற பெரிய பங்கில் இது கொஞ்சம் தேவலை; வர்த்தகம் மெலிந்த பங்குகளில் திரையில் தெரியும் விலையை நம்பவே கூடாது.

இதைவிடக் கவனிக்கப்படாத குறை, லாப முனையிலேயே இருக்கிறது. 2018-ல் செபி தொடங்கிய மாற்றம் 2019 அக்டோபரில் எல்லாப் பங்குகளுக்கும் வந்து சேர்ந்தது: பங்கு ஆப்ஷன்கள் பணத்தில் அல்ல, பங்காகவே தீர்க்கப்படுகின்றன. எக்ஸ்பைரி அன்று இன்ஃபோசிஸ் 1,370-ல் முடிந்தால் நம் 1,400 புட் மட்டும் உயிரோடு இருக்கும். அப்போது நாம் 400 பங்குகளைக் கொடுக்க வேண்டும். டீமேட் கணக்கில் பங்கு இல்லையென்றால் அது ஏலத்துக்குப் போகும். லாபம் என்று படம் காட்டிய இடத்தில் எவ்வளவு போகும் என்று சொல்ல முடியாத செலவு வரும். 1,350-ல் முடிந்தால் விற்ற இரண்டு புட்களும் சேர்ந்து 800 பங்கை நம்மிடம் தள்ளும், வாங்கிய புட் 400-ஐ எடுத்துக்கொள்ளும், மீதி 400 பங்கு நம் தலையில். கட்ட வேண்டிய பணம் 5,28,000 ரூபாய். அந்தப் பங்குகளின் மதிப்பு 5,40,000 என்பதால் கணக்கில் லாபம்தான். ஆனால் பதினாறாயிரம் ரூபாய் லாபத்தை எதிர்பார்த்து உள்ளே வந்தவரிடம் ஐந்தே கால் லட்சம் இருக்குமா? 1,280-க்குக் கீழே போனால் நான்கு புட்களும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், டெலிவரியே இல்லை. முழு நஷ்டம் சுத்தமாகத் தீர, லாபம் மட்டும் சிக்கலோடு வருகிறது.

முன்னதாகவே மூடிவிடலாமே என்று கேட்கலாம். மூடத்தான் வேண்டும். எக்ஸ்பைரி நெருங்கும் நாட்களில் டெலிவரிக்கான மார்ஜினும் ஏறிக்கொண்டே போகும். ஆனால் அந்த 42 ரூபாய் முனை கடைசி நாளின் கடைசி மணிகளில் மட்டுமே உருவாவது. விலை மிகச் சரியாக 1,360-ல் நின்றாலும், நான்கு நாள் மீதமிருக்கும்போது விற்ற இரண்டு புட்களிலும் இன்னும் கால மதிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். மூடினால் கைக்கு வருவது 42-ல் பாதிகூட இருக்காது. டெலிவரிக்குப் பணமோ பங்கோ இல்லாதவர் படத்தின் உச்சியைத் தன் கணக்கில் எழுதக்கூடாது. பணம் இருப்பவருக்கு நிலைமை வேறு. 1,320 ரூபாய்க்கு இன்ஃபோசிஸை வாங்கிப் பல ஆண்டு வைத்திருக்க உண்மையிலேயே விரும்புபவருக்கு, 1,318-க்கு மேல் வரும் டெலிவரி தண்டனையல்ல. இந்த வடிவம் அவருக்குத்தான் பொருந்துகிறது. அதிலும் காலாண்டு முடிவு வெளிவந்த பிறகு, அடுத்த அறிவிப்பு எக்ஸ்பைரிக்கு அப்பால் இருக்கும்போது. முடிவுக்கு முந்தைய நாட்களில் பிரீமியம் கொழுத்துத் தெரிவது, அந்தச் சரிவின் பயம் விலையில் ஏறியிருப்பதால்தான். தன் சம்பளமும் ஐ.டி. துறையிலிருந்தே வருபவர் இன்னும் ஒருமுறை யோசிக்க வேண்டும். அந்தத் துறைக்குக் கெட்ட செய்தி வரும் நாளில் வேலைக்கான கவலையும் 15,200 ரூபாயும் சேர்ந்தே வரும்.

உண்மையில் ஏறும் என்று நம்புபவருக்கு இதே குடும்பத்தில் இன்னொரு வடிவம் இருக்கிறது. 1,400 கால் ஒன்றை 33-க்கு வாங்கி, 1,460 கால் இரண்டைத் தலா 13-க்கு விற்று, 1,480 கால் ஒன்றை 9-க்கு வாங்கினால் பங்குக்கு 16 ரூபாய் செலவு. இங்கே மேல் இறக்கை குறுகலானது, 20 ரூபாய்தான். 1,416-க்கு மேல் லாபம், 1,460-ல் 44, 1,480-ஐத் தாண்டி எவ்வளவு ஏறினாலும் 24. மேலே ரிஸ்க் இல்லை என்பது இதற்கும் பொருந்தும். விலை நின்றாலே 16 ரூபாய் போகும் என்பது இதன் குறை, அதனால் அடிக்கடி தோற்கும். ஆனால் அந்த 2023 ஏப்ரல் திங்கட்கிழமையில் இதன் முழு நஷ்டம் 6,400 ரூபாயோடு நின்றிருக்கும், அந்தத் தொகையும் முதல் நாளே கணக்கிலிருந்து கழிந்திருக்கும். 1,480-க்கு மேல் நான்கு கால்களும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் அங்கே டெலிவரியும் இல்லை. 1,400-க்கும் 1,480-க்கும் நடுவே முடியும்போதுதான் பங்கை வாங்கவோ கொடுக்கவோ நேரும். அந்த இடைவெளியில் விலை நின்றால், கடைசி நாளுக்குக் காத்திராமல் கிடைத்த லாபத்தோடு வெளியேற வேண்டியதுதான்.