அனுசரணைக் கடிதம்: பணிவு கூடுகிறது, செய்தி குறைகிறது

ஒலுவில் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஊழியர் விளையாட்டு விழா என்றால், அலுவலகத்தின் நலன்புரிச் சங்கம் முதலில் தேடுவது அனுசரணையாளரைத்தான். ரீசேட், கிண்ணம், பகல் சாப்பாடு எல்லாவற்றுக்கும் அங்கத்தவர் சந்தா போதாது. நிந்தவூரிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ தெரிந்த முதலாளி ஒருவருக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போகும். "தாறன் தம்பி, ஒரு லெட்டர் தாங்க" என்பார் அவர். சங்கத்தில் நல்ல தமிழ் எழுதக்கூடியவரிடம் அந்தச் செய்தி போய்ச் சேரும். அவர் அதைக் கடிதமாக மாற்றி எழுதுவார்.

இந்த மாற்றி எழுதும் பழக்கம் தேவையானதுதான். ஆனால் இன்று அது நடக்கும் விதத்தில், முதலாளி முடிவெடுக்க வேண்டிய செய்திகள் காணாமற் போகின்றன. சங்கத்தைப் பொறுப்பில் கட்டிவைக்கும் வரிகளும் கடிதத்துக்குள் வருவதில்லை. இரண்டையும் பார்க்க ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றின் சங்கச் செயலாளர், கல்முனையில் படகு இன்ஜின் உதிரிப்பாகங்கள் விற்கும் முதலாளிக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ஹாஜி காக்கா. நம்மட ஒபிஸ் ஸ்போர்ட்ஸ் மீட் ஜூலை 11 சனிக்கிழம இரிக்கி. மென்பந்து மெட்ச்சும் கயிறிழுத்தலும். 40 பேருக்கு ரீசேட் அடிக்கோணும், ஒண்டு 1,500 ரூபா செல்றாங்க. முழுசா ஏலாட்டி பாதி தந்தாலும் போதும். உங்கட கட பேர முதுகுல போடுறம். 25க்கு முதல் செல்லுங்க, பிரிண்டுக்குக் குடுக்கோணும். முடியாட்டி பரவாயில்ல காக்கா."

இனி, வழக்கமாக இது எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

"பெருமதிப்புக்குரிய ஐயா, எமது ஊழியர்களிடையே ஒற்றுமையையும் உடல், உள ஆரோக்கியத்தையும் மேம்படுத்தும் உயரிய நோக்குடன் வருடாந்த விளையாட்டு விழாவொன்றினை மிகச் சிறப்பாக நடாத்தத் திட்டமிட்டுள்ளோம். சமூக சேவையில் தனக்கென ஓர் இடத்தைப் பதித்துள்ள தங்களின் மேலான அனுசரணையை இதற்கு வழங்கி உதவுவீர்கள் எனப் பெரிதும் நம்புகின்றோம். அல்லாஹ் தங்களுக்கு நற்கூலி வழங்குவானாக."

இரண்டாவதில் பிழையான வசனம் ஒன்றுமில்லை. ஆனால் திகதி எங்கே? 40 பேர், 1,500 ரூபா, அதாவது மொத்தம் 60,000 ரூபா என்ற கணக்கு எங்கே? பாதி தரலாம் என்ற வழி, கடையின் பெயர் எங்கே வரும் என்பது, 25ஆம் திகதிக்குமுன் பதில் வேண்டும் என்பது எல்லாம் விழுந்துவிட்டன. வட்ஸ்அப் செய்தி ஒரு வியாபாரிக்குத் தேவையான அத்தனையையும் ஏழெட்டு வரியில் சொல்லியிருந்தது. கடிதமோ விழாவின் நோக்கத்தை விளக்குவதில் பாதி இடத்தைச் செலவழிக்கிறது. விளையாட்டு உடலுக்கு நல்லது என்று முதலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் அறிய விரும்புவது எவ்வளவு, எப்போது, பதிலுக்கு என்ன என்பவற்றைத்தான். இவை இல்லாத கடிதம் மேசையில் கிடக்கும். அல்லது அவர் ஏதோ ஒரு தொகையை ஊகித்துக் கொடுத்தனுப்புவார். சங்கம் எதிர்பார்த்தது 30,000, வந்தது 5,000 என்ற மனக்கசப்பு பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

இதைவிடப் பெரிய இழப்பு, "முடியாட்டி பரவாயில்ல" என்ற வரி போனது. செய்தியில் அவருக்கு மறுக்க இடமிருந்தது. கடிதத்தில் "பெரிதும் நம்புகின்றோம்" என்றும் நற்கூலி என்றும் வந்ததும் அந்த இடம் அடைபட்டுப்போனது. இந்தக் கரையில் இது சின்ன விடயம் அல்ல. பள்ளிவாசல், மத்ரஸா, நோயாளிக்கு உதவி, வீடு கட்ட உதவி என்று ஒரு முதலாளியிடம் ஆண்டு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவற்றுக்குரிய துஆவையும் நற்கூலியையும் ரீசேட் அனுசரணைக்கும் எழுதினால், வியாபார விளம்பரம் ஒன்று தர்மத்தின் சட்டையைப் போட்டுக்கொள்கிறது. ஸகாத் பெறத் தகுதியானவர்களைக் குர்ஆன் எட்டு வகையாக வரையறுக்கிறது. அலுவலக விளையாட்டு விழா அந்த எட்டில் இல்லை. ஸலாம் சொல்லித் தொடங்குவது நம் மரியாதை, அது இருக்கட்டும். ஆனால் கேட்பது விளம்பரத்துக்கான பணம் என்றால், அதை விளம்பரமென்றே கேட்பதுதான் நேர்மை.

அப்படியானால் வட்ஸ்அப் செய்தியே போதுமே என்று கேட்கலாம். போதாது. அந்தச் செய்தியிலும் பெரிய ஓட்டைகள் உண்டு. கேட்பது செயலாளரா, சங்கமா, அலுவலகமா? பணம் யார் கையில், எந்தக் கணக்கில் சேரும்? பற்றுச்சீட்டு கிடைக்குமா? இதே விழாவுக்கு இன்னொரு கடையிடமும் ரீசேட்டுக்குக் காசு கேட்டிருக்கிறார்களா? மழையால் விழா தள்ளிப்போனால் என்ன ஆகும்? இவற்றுக்குச் செய்தியில் பதில் இல்லை. முதலாளி தன் கணக்குப் புத்தகத்தில் விளம்பரச் செலவாக எழுத வேண்டுமென்றால் கையொப்பமிட்ட கடிதமும் பற்றுச்சீட்டும் வேண்டும். தொலைபேசியில் வந்த ஏழு வரியைக் கணக்காளர் ஏற்கமாட்டார். சங்கத்துக்கும் இது காப்பு. வருடாந்தக் கூட்டத்தில் யாராவது எழுந்து "எவ்வளவு வந்தது?" என்று கேட்டால், கடிதப் பிரதியும் பற்றுச்சீட்டு அடிக்கட்டையும்தான் செயலாளரைக் காப்பாற்றும். மாற்றி எழுதுவதன் உண்மையான பயன் இதுதான்: தனி ஒருவரின் நட்பில் கேட்டதை, அமைப்பு ஒன்றின் பொறுப்பாக ஆக்குவது. நயமான சொற்களைச் சேர்ப்பதால் இந்தப் பயன் வந்துவிடுவதில்லை.

ஒலுவிலில் இந்தப் பொறுப்பு இன்னும் கூர்மையாகிறது. டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013 செப்டம்பரில் திறக்கப்பட்ட இந்தத் துறைமுகத்தில் வர்த்தகப் பகுதியும் மீன்பிடிப் பகுதியும் உண்டு. வாய்ப்பகுதியில் மணல் அடைத்து, படகுகள் உள்ளே வர முடியாமல் போன காலங்களை ஊரே அறியும். ஐஸ், எரிபொருள், வலை, இன்ஜின் சாமான் விற்பவர்களின் வரும்படி படகு வருவதையும் வராததையும் பொறுத்தது. எனவே கடிதம் போகும் காலமும் கடிதத்தின் ஒரு பகுதிதான். வடகீழ்ப் பருவக் காற்றில் கடல் கொந்தளித்து, தொழில் படுத்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் படகுச் சாமான் கடையிடம் கேட்பதும், தொழில் நன்றாக நடக்கும் மாதங்களில் கேட்பதும் ஒன்றல்ல. சங்கம் தன் விழாத் திகதியை மட்டும் பார்க்கிறது. கொடுப்பவரின் கையில் காசு புழங்கும் காலத்தைப் பார்ப்பதில்லை.

அடுத்தது அதிகாரம். கேட்கும் அலுவலகம், அந்தக் கடையிடம் சாமான் வாங்கும் அலுவலகமாக இருந்தால்? அல்லது அந்த வியாபாரிக்கு இடமோ அனுமதியோ கொடுக்கும் அலுவலகமாக இருந்தால்? அப்போது "முடிந்தால் தாருங்கள்" என்பது அவர் காதில் "தராவிட்டால் பார்த்துக்கொள்வோம்" என்று விழலாம். அரச அலுவலகத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவரிடம் அந்த அலுவலக ஊழியர் நன்மை கேட்பதை இலங்கையின் இலஞ்சச் சட்டம் நெடுங்காலமாகவே குற்றமாகப் பார்த்து வந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம். சங்கத்துக்காகத்தான் கேட்டோம் என்பது எல்லா இடத்திலும் பதிலாகாது. பக்கத்துக் கடைக்காரரின் பார்வையையும் நினைக்க வேண்டும். ஒரு கடையின் பெயரை முதுகில் சுமந்த ரீசேட்டோடு ஊழியர்கள் துறைமுகத்தில் நடமாடினால், அடுத்த கொள்வனவு அந்தக் கடைக்குத்தான் என்று மற்றவர்கள் நினைப்பதைத் தடுக்க முடியாது.

விந்தை என்னவென்றால், விளம்பரமாக அந்தக் கடைக்கு அதிகப் பயன் தருவதும் அதே ரீசேட்தான். மைதானத்தில் கட்டும் பதாகையைப் பார்ப்பவர்கள் ஊழியர்களும் அவர்கள் குடும்பமும். அவர்களில் படகு இன்ஜின் வாங்குபவர் எத்தனை பேர்? ரீசேட்டை மாதக்கணக்கில் போடுவார்கள். அதைப் படகுக்காரர்கள் பார்ப்பார்கள். ஆகவே சங்கம் முதலில் தீர்மானிக்க வேண்டியது, இந்தக் கடையிடம் கேட்கலாமா என்பதை. கொள்வனவுத் தொடர்போ அனுமதித் தொடர்போ இருந்தால் கேட்கவே கூடாது. அந்தத் தொடர்பில்லாத துணிக்கடை, உணவகம் போன்றவற்றிடம் போகலாம். மதுவும் புகையிலையும் விற்கும் நிறுவனங்களின் அனுசரணைக்கு 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமே கதவடைத்திருக்கிறது.

தொடர்பேதும் இல்லை என்று உறுதியானால், அதே செய்தியை இப்படி மாற்றி எழுதலாம்:

"அஸ்ஸலாமு அலைக்கும். எமது நலன்புரிச் சங்கம் ஜூலை 11, சனிக்கிழமை ஊழியர் விளையாட்டு விழாவை நடத்துகிறது. மென்பந்து கிரிக்கெட், கயிறிழுத்தல் போட்டிகளில் 40 பேர் பங்குபற்றுகின்றனர். அவர்களுக்கான ரீசேட்டுக்கு, ஒன்று 1,500 ரூபா வீதம், மொத்தம் 60,000 ரூபா செலவாகும். இதை முழுமையாகவோ, பாதியாகவோ தாங்கள் பொறுப்பேற்க விரும்புகிறீர்களா என அறிய எழுதுகிறோம். முழுமையாக ஏற்றால் ரீசேட்டின் முதுகில் தங்கள் கடைப் பெயர் மட்டும் வரும். பாதியானால் இன்னொரு கடையின் பெயரும் சேரும். பணத்தைச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்தலாம்; பற்றுச்சீட்டு உடன் தரப்படும். விழா நடைபெறாவிட்டால் அச்சிடச் செலவான தொகை போக மிகுதி திருப்பித் தரப்படும். எமது அலுவலகத்துடன் தங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் ஏதும் இருப்பின், தயவுசெய்து இக்கோரிக்கையை ஏற்க வேண்டாம். ஜூன் 25ஆம் திகதிக்கு முன் பதில் அறிவித்தால் அச்சுக்குக் கொடுக்க வசதியாக இருக்கும். தங்களால் இம்முறை இயலாதெனினும் எமக்கு வருத்தமில்லை."

கீழே தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரின் கையொப்பம். இதில் வட்ஸ்அப் செய்தியின் ஒரு தகவலும் விழவில்லை. கடிதத்துக்கே உரிய நான்கு சேர்ந்திருக்கின்றன: யார் கேட்கிறார்கள், பணம் எங்கே போகும், விழா நின்றால் என்ன, யார் தரக்கூடாது.

இந்தக் கடிதத்துக்கும் எல்லை உண்டு. இது வரண்டு கிடக்கிறது, நம்மட ஊர்ப் பாசம் இதில் இல்லை என்று ஒருவர் குறை சொன்னால் அதை மறுக்க மாட்டேன். ஹாஜி காக்காவைத் தெரிந்தவர் நேரில் போய், தேநீர் குடித்து, குசலம் விசாரித்து, கடிதத்தைக் கையில் கொடுப்பதுதான் இந்த ஊர் வழி. அந்த வழி தொடரட்டும். பாசம் நேரில் பேசட்டும். கணக்கைக் கடிதம் பேசட்டும். இரண்டையும் ஒரே தாளில் திணிக்கும்போதுதான் பாசம் நெருக்குதலாகிறது, கணக்கு மறைகிறது. அடுத்த முறை சங்கத்தில் யாராவது மாற்றி எழுதிய கடிதத்தை நீட்டினால், பழைய செய்தியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு திகதியும் வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். மறுக்கும் வழி திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் கையொப்பமிட வேண்டாம்.