மணநாள் இரவில் ஒரு வினா

அகநானூற்றில் 86ஆம் பாட்டையும் 136ஆம் பாட்டையும் நம் வகுப்புகளில் பழந்தமிழர் திருமண முறைக்குச் சான்றாகவே நடத்திவிடுகிறோம். உழுந்திட்ட பொங்கல், மணல் பரப்பிய பந்தல், மகப்பெற்ற மகளிர் நால்வரின் வாழ்த்து என்று பட்டியலிட்டு மணி அடித்ததும் எழுந்துவிடுகிறோம். அதற்குப் பின்னர் நிகழ்வதைச் சொல்ல நமக்கே நாணம். உண்மையில் பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நல்லாவூர் கிழார் பாடிய 86இல், புத்தாடைக்குள் ஒடுங்கிக் கிடக்கும் மணமகளின் முகத்திரையைத் தலைவன் விலக்குகிறான். அவள் அஞ்சிப் பெருமூச்செறிகிறாள். அவன் அங்கேயே நின்று, அவள் நெஞ்சில் நினைத்ததை ஒளியாமல் சொல்லுமாறு வேண்டுகிறான். விற்றூற்று மூதெயினனார் பாடிய 136இலோ, நெற்றி வியர்வைக்குக் காற்றுப் படட்டும் என்று காரணம் காட்டிய தலைவன், விடையை எதிர்பாராமல் ஆடையைக் கவர்கிறான். அவள் கூந்தலால் தன்னை மறைத்துக்கொள்கிறாள்.

இரண்டு பாட்டிலும் பெண் தலை கவிழ்கிறாள். முன்னதில் அது உவகை, பின்னதில் நாணம். செயல் ஒன்றே, பொருளைச் சொல்பவன் தலைவன். அவள் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. 86ஐ வாயில் மறுத்த தோழியிடமும், 136ஐத் தணியாத ஊடலில் தன் நெஞ்சிடமும் அவன் கூறுவதாகத் துறைக் குறிப்புகள் உரைக்கின்றன. மனைவியின் மனம் கலங்கிய வேளையில் கணவன் தனக்குச் சார்பாகச் சொல்லும் சான்று இது. மாணவர்க்கு இதை மறைத்தல் கூடாது.

மௌனத்தை இசைவெனக் கொள்ளலாமா? 86இன் தலைவன் கேட்டது நற்பண்பே. ஆயினும் மணம் முடிந்த பின், மறுக்க இடமில்லாத அறையில் கேட்டான். அவ்வினா சில வாரங்கள் முந்தியிருக்க வேண்டும்.

நம் நாட்டில் பதிவுத் திருமணம் முதலிலும் கோயில் திருமணம் பல மாதங்கள் கழித்தும் நடப்பது பல குடும்பங்களில் வழக்கம். சட்டத்தில் மனைவி, ஊர்க்கண்ணில் மணப்பெண் என்ற அந்த இடைக்காலத்தில்தான் சிக்கல் பிறக்கிறது. நானறிந்த ஓர் இளம் ஆசிரியை, பெண் பார்க்க வந்தவரிடம் பதிவுக்கு முன்பே பேசினார். பதிவு கையொப்பம் தொடுவதற்கான அனுமதி ஆகாது என்றார். தாலி ஏறிய இரவும் அப்படியே. பழகிய பிறகு தாமே சொல்வதாகவும், சொல்லாதவரை இல்லையென்றே கொள்ள வேண்டும் என்றும் கூறினார். அவர் சற்றுத் திகைத்து, "ஒருமுறை இசைந்தால் எப்போதும் இசைந்ததாகுமா?" என்று கேட்டார். "ஆகாது, ஒவ்வொரு முறையும் கேளுங்கள்" என்றார் இவர். பின்னர் அவரும், தமக்குக் கூச்சம் மிகுதி என்றும், முதலிரவைப் பற்றி உறவினர் செய்யும் கேலி தமக்கு அச்சம் தருவதென்றும் மெல்லச் சொன்னாராம்.

அகப்பாட்டின் தலைவர் எவரும் தம் அச்சத்தை இவ்வாறு மணமகளிடம் கூறியதாக எனக்கு நினைவில்லை.