இரண்டு வயரிலும் 12 வோல்ட்!

கார் பவர் விண்டோவின் வயரிங்கைப் போல அழகான சங்கதியை நான் சமீபத்தில் பார்த்ததில்லை. சிரிக்காதீர்கள். காரைக்குடி வெயிலில் கதவு அட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரும் கையுமாக உட்கார்ந்து ரசித்தவன் சொல்கிறேன்.

எங்கள் பழைய காரின் முன்பக்க இடது கண்ணாடி ஒருநாள் முழுதாக இறங்கியது. அப்புறம் எந்த ஸ்விட்சுக்கும் அசையவில்லை. கானாடுகாத்தானிலிருந்து திரும்பும் வழியெல்லாம் ஆச்சி முகத்தில் செம்மண் புழுதி. "மோட்டார் போயிருச்சுண்ணே, புதுசு போட்ருவோம்" என்றார் எலெக்ட்ரீஷியன், கதவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல்.

பியூஸ் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் காரில் நான்கு கண்ணாடிக்கும் ஒரே பியூஸ்தான். மற்ற மூன்றும் ஜோராக ஏறி இறங்கின. கதவுக்கு ஒரு பியூஸ் வைத்த கார் என்றால் அதைப் பிடுங்கக்கூட வேண்டாம். சாவியைப் போட்டு, பியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் டெஸ்ட் லேம்பால் தொட்டால் போதும். இரண்டிலும் எரிந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் பியூஸ் போய்விட்டது.

அடுத்து மோட்டார். அதன் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து இரண்டு வயரை (நடுவில் ஒரு 20 ஆம்பியர் பியூஸ் வைத்து) நேராகக் கொடுத்தேன். சர்ரென்று ஏறியது பாருங்கள் கண்ணாடி! 'போயிருச்சு' என்று தீர்ப்புச் சொன்ன மோட்டார்! பாதியில் நிறுத்தி, வயரை மாற்றிப் பிடித்தேன், இறங்கியது. மோட்டார் விவகாரம் அதோடு முடிந்தது.

பிளக்கை மறுபடி மாட்டி ஸ்விட்சை அழுத்தியபோதுதான் வேடிக்கை. இறக்கினால் இறங்குகிறது, ஏற்றினால் ஏறவில்லை. முழுதாக இறங்கி நின்றதால்தான் இரண்டு பக்கமும் செத்த மாதிரித் தெரிந்திருக்கிறது.

இங்கேதான் அந்த அழகு. மோட்டாருக்குப் போவது இரண்டே வயர். சும்மா இருக்கும்போது இரண்டுமே எர்த்தில் இருக்கும். ஏற்றினால் ஒன்றுக்கு 12 வோல்ட் வரும், மற்றது எர்த்திலேயே நிற்கும். இறக்கினால் அப்படியே தலைகீழ். அந்த எர்த் எங்கே கிடைக்கிறது தெரியுமா? எங்கள் காரைப் போன்றவற்றில், டிரைவர் பக்கத்து மாஸ்டர் ஸ்விட்சுக்குள்! இடது கதவில் அழுத்தினாலும் கரண்ட் வலது கதவு வரை நடந்து போய்த்தான் வெளியேறுகிறது. எவன் யோசித்தானோ, அவன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

இப்போது மீட்டர். கறுப்பு முனை கார் பாடியில். சிவப்பு முனை, மாட்டியிருக்கும் மோட்டார் பிளக்கின் பின்பக்கம். ஏற்றும் பக்கம் அழுத்தினேன். ஒரு வயரில் 12.3. சரிதான். மற்றதில்? அதிலும் 12.3! துள்ளிவிட்டேன். வெளியேற வழியில்லாத கரண்ட் மோட்டாருக்குள் ஓடாமல் நிற்கிறது. அதனால்தான் இந்தப் பக்கத்து வோல்டேஜ் குறையாமல் அந்தப் பக்கமும் தெரிகிறது. எர்த் அறுந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். முதல் வயரை மட்டும் பார்த்திருந்தால், "கரண்ட் வருது, மோட்டார்தான் அவுட்" என்று யாரும் சொல்லியிருப்பார்கள்.

சாவியை அணைத்து, மோட்டார் பிளக்கைக் கழற்றிவிட்டு (கழற்றாவிட்டால் மோட்டார் வழியாகவே பீப் வந்து ஏமாற்றும்), ஒவ்வொரு வயருக்கும் பாடிக்கும் இடையே தொடர்பு பார்த்தேன். ஒன்று கத்தியது, ஒன்று ஊமை. அதே ஊமை வயரை மாஸ்டர் ஸ்விட்சின் பின்னால் பார்த்தேன்; அங்கேயும் ஊமை. அங்கே கத்தியிருந்தால் அநேகமாக வயர் நடுவில் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது கதவுக் கீல் பக்கத்து ரப்பர் குழாயைத்தான் முதலில் பிரித்திருப்பேன். கதவைத் திறந்து மூடி வயர் முறிவது அதற்குள்தான்.

மாஸ்டர் ஸ்விட்சைப் பிரித்தால் ஒரு சின்னச் செம்பு நாக்கில் பச்சைக் களிம்பு. அரிமானத்தையே ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-லிருந்து இருக்கிற ஊரில் இந்தக் களிம்புக்கு என்ன துணிச்சல்! மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டினேன். ஏறியது! ஆச்சியைக் கூப்பிட்டு ஏற்றி இறக்கிக் காட்டினேன். "போதும்டா, மறுபடி கெடுத்துராத" என்றார்.

நாக்கு குழி விழுந்து கருகியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, ஸ்விட்சையே மாற்ற வேண்டும். ஒரு தட்டுத் தட்டினால் தானே ஏறி நிற்கிற புது ரகக் கண்ணாடிகள் பலவற்றில் மோட்டாரோடு எலெக்ட்ரானிக் பலகையும் சேர்ந்திருக்கும். அவற்றுக்குப் பேட்டரி வயரை நேராகக் கொடுத்துவிடாதீர்கள், பலகை புகைந்துவிடும்.