மடங்குவது வேறு, பாரம் தாங்குவது வேறு

வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் பூ கட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். வயது 62. இரண்டு முழங்காலும் தேய்ந்து, கால்கள் வெளிப்பக்கமாக வளைந்து, கடைசி இரண்டு வருடம் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். எட்டு மாதத்துக்கு முன் இரண்டு மூட்டையும் மாற்றிக்கொண்டார். இப்போது தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போய் வருகிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறார். அதில் நான்கு வரி: கீழே உட்காரக் கூடாது, குத்தவைக்கக் கூடாது, மண்டி போடக் கூடாது, இந்தியன் டாய்லெட் கூடாது.

"நடக்கச் சொன்னாங்க, நடக்கிறேன் தம்பி. ஆனா எங்க உக்காருறதுன்னு யாருமே சொல்லலையே" என்றார் ஒருநாள். நாற்பது வருடம் தரையில் சம்மணம் போட்டு மல்லிகை கட்டியவர் அவர். இந்த நான்கு வரித் தடையில் எவ்வளவு நியாயம் இருக்கிறது, எங்கே அது பொய்த்துப்போகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. காலை நேராக நீட்டினால் முழங்கால் 0 டிகிரி. சமதரையில் நடக்க 60 முதல் 70 டிகிரி வரை மடங்கினால் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழவும் படி ஏறி இறங்கவும் 90 முதல் 105 வரை தேவை. சம்மணம் ஆளுக்கு ஆள் மாறும். இடுப்பு நன்றாக விரிந்து கொடுப்பவருக்கு 110-க்குச் சற்று மேலே போதும். இடுப்பு இறுகியவருக்கு 130-ஐத் தாண்டும். குதிகால் தரையில் பதிய முழுதாகக் குத்தவைக்க 150-க்கு மேல் வேண்டும். மூட்டு மாற்றிய பிறகு பெரும்பாலோருக்குக் கிடைப்பதோ 110 முதல் 120 வரை. சிகிச்சைக்கு முன் கால் எவ்வளவு மடங்கியதோ, அதை ஒட்டித்தான் பின்னாலும் மடங்கும். அக்காவுக்கு முன்பு 105 இருந்தது. இப்போது வலது கால் 115, இடது 110. அதாவது சம்மணத்தின் வாசலில் நிற்கிறார். குத்தவைத்தல் எட்டாத தூரத்தில் இருக்கிறது.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 'ஹை ஃப்ளெக்ஸ்' மூட்டுகள் வந்தன. வழக்கமான மூட்டில், கால் 120, 130 டிகிரியைத் தாண்டி மடங்கும்போது தொடையெலும்பில் பொருத்திய உலோக உறையின் பின்விளிம்பு கீழேயுள்ள பிளாஸ்டிக் தட்டில் கத்தி மாதிரிக் குத்தும். புதிய வடிவத்தில் அந்தப் பின்பகுதியைத் தடிப்பாக்கி, வளைவை மேல்நோக்கி நீட்டினார்கள். அப்படி நீண்ட உலோகத்துக்கு இடம் வேண்டுமே? அதற்காகத் தொடையெலும்பின் பின்பக்கக் குமிழிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் தட்டின் முன்விளிம்பையும் சரித்துச் செதுக்கினார்கள், மடங்கும்போது முன்பக்கத் தசைநார் இடிக்காமலிருக்க. 155 டிகிரி வரை பத்திரமாக மடங்க இடம் கொடுக்கும் என்பது வடிவமைப்பின் வாக்கு.

வாக்கை ஊன்றிப் படிக்க வேண்டும். 'இடம் கொடுக்கும்' என்பதற்கும் 'மடங்க வைக்கும்' என்பதற்கும் வித்தியாசம் உண்டு. கதவை அகலமாக வைத்துவிட்டால் வண்டி தானாக உள்ளே வந்துவிடாது. தசையும் தோலும் பல வருட வலியில் இறுகிப்போயிருந்தால், எந்த உலோகத்தை வைத்தாலும் அவை விட்ட அளவுக்குத்தான் கால் மடங்கும். தென்கொரியாவில் கிம் யங்-ஹூ குழுவினர் இதை நேர்த்தியாகச் சோதித்தார்கள். 50 பேருக்கு ஒரு காலில் வழக்கமான மூட்டும், மறு காலில் அதே வகையின் ஹை ஃப்ளெக்ஸ் மூட்டும் வைத்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே உடம்பு, ஒரே பயிற்சி. சராசரியாக இரண்டு வருடம் கழித்து வழக்கமான மூட்டு 136 டிகிரி, புதியது 139 டிகிரி மடங்கியது. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

அதே நாட்டிலிருந்து 2007-இல் வந்த இன்னொரு அறிக்கைதான் நம்மூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது. 47 பேரின் 72 முழங்கால்களில் வைத்த ஹை ஃப்ளெக்ஸ் மூட்டுகளில், சராசரியாக 32 மாதத்துக்குள் 27-இல் தொடையெலும்புப் பகுதி தளர்ந்துவிட்டது. அவற்றில் 15-ஐ மறுபடி திறந்து மாற்ற வேண்டியிருந்தது. யாருடைய மூட்டு தளர்ந்தது என்பதில்தான் விஷயம். நன்றாக மடங்கியவர்கள், குத்தவைக்கவும் மண்டியிடவும் சம்மணம் போடவும் முடிந்தவர்கள்தான் அதில் அதிகம். நமது கண்ணுக்கு வெற்றியாகத் தெரிந்தவர்களே தோற்றார்கள். வேறு மருத்துவர்களின் தொகுப்புகளில் இவ்வளவு மோசமான தளர்ச்சி காணப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் காரணம் தெளிவாக விளங்குகிறது. ஆழமாக மடங்கிய காலில் உடல் பாரம் முழுக்க உலோகத்தின் பின்கோடியில் விழுகிறது. பின்னால் அழுத்தினால் முன்னால் தூக்கும். சீசா பலகை மாதிரி. எலும்புக்கும் சிமெண்டுக்கும் நடுவே உள்ள பிடி மெல்ல மெல்ல விடுகிறது.

இந்தியாவில் இந்த வாக்குக்கு விலையும் இருந்தது. மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2017 ஆகஸ்டில் மூட்டுகளுக்கு உச்சவரம்பு வைக்கும்வரை, வழக்கமான கோபால்ட்-குரோமியம் மூட்டின் சராசரி அச்சிட்ட விலை 1,58,324 ரூபாய். 'அதிகம் மடங்கும்' மூட்டு 1,81,728 ரூபாய். இருபத்து மூவாயிரத்துக்கும் மேல் வித்தியாசம். உச்சவரம்புக்குப் பிறகு அவை வரி நீங்கலாக 54,720, 56,490 என்று ஆயின. வித்தியாசம் 1,770 ரூபாயாகச் சுருங்கியது. விலை குறைந்தது நல்லது. ஆனால் அரசுப் பட்டியலே 'அதிகம் மடங்கும்' என்று தனி வகை வைத்ததால், அந்தப் பெயரைக் கேட்கும் நோயாளி அதைத் தன் காலுக்குக் கிடைத்த உத்தரவாதமாகவே எடுத்துக்கொள்கிறார்.

ஆக, தாளில் இருக்கும் தடைக்கு அடிப்படை இருக்கிறது. குத்தவைப்பது கூடாது என்பது சரி. ஒரு நாளைக்கு நான்கு தடவை இந்தியன் டாய்லெட்டில் குந்தி, அங்கிருந்து முழு எடையையும் தூக்கி எழுவது, தளரக்கூடிய மூட்டைத் தளர்த்துவதற்கான வழி. அக்காவின் வீட்டுக்காரர் செலவோடு செலவாக வெஸ்டர்ன் டாய்லெட் வைத்ததுதான் அந்தச் சிகிச்சையின் மிக உபயோகமான பகுதி என்பேன். வாடகை வீட்டில் அது நடக்காது என்றால், நடுவில் ஓட்டை வைத்த ஸ்டூலை இந்தியன் டாய்லெட்டின் மேல் போட்டுக்கொள்ளலாம். வழுக்காமல் நிற்கிறதா, பக்கத்தில் பிடிக்கக் கம்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

தடையின் குறை, நான்கு வேறுவேறு காரியங்களை ஒரே கயிற்றில் கட்டியதில் இருக்கிறது. தரையில் உட்காருவது என்றால் சம்மணம் மட்டும்தானா? காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் மூட்டு மடங்குவதே இல்லை. அங்கே சிக்கல் உட்கார்ந்திருப்பதில் கிடையாது. இறங்குவதிலும் எழுவதிலும் இருக்கிறது. மண்டியிடுவதும் அப்படித்தான். முழங்காலில் நிற்க ஏறக்குறைய 90 டிகிரி போதும். தையல் ஆறிய பின் தலையணை வைத்து மண்டியிட்டால் தழும்பைச் சுற்றி மரத்த மாதிரி இருக்கும், சங்கடமாக இருக்கும். அதற்காக மூட்டு கெட்டுவிடும் என்று பயப்படத் தேவையில்லை. குதிகால் மேல் பின்புறத்தை அமர்த்தி உட்காருவதுதான் வேறு விஷயம், அதற்கு 150-ஐத் தொட வேண்டும்.

மொத்தத் தடையால் ஒரு நிஜமான ஆபத்தும் உண்டு. மூட்டு மாற்றியவர்கள் வயதானவர்கள். என்றாவது ஒருநாள் வழுக்கித் தரையில் விழுவார்கள். தரைக்கே போகக் கூடாது என்று மட்டும் கற்றவருக்கு, தரையிலிருந்து எழத் தெரியாது. அக்காவுக்கு இது ஐந்தாவது மாதம் நடந்தது. பாத்ரூம் வாசலில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி இல்லை. ஆனால் மகன் வேலையிலிருந்து வரும்வரை ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தார்.

அதற்குப் பிறகுதான் ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். நான் கூட இருந்து பார்த்தேன். கனமான, நகராத நாற்காலி ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். காலை நீட்டி உட்கார்ந்த அக்கா ஒருபக்கமாகத் திரும்பி, இரண்டு கையையும் ஊன்றித் தவழும் நிலைக்கு வந்தார். முழங்காலுக்கடியில் மடித்த போர்வை. கையை நாற்காலியின் மேல் வைத்து மண்டியில் நிமிர்ந்தார். பிறகு வலுவான வலது காலின் பாதத்தை முன்னே ஊன்றி, கைகளால் அழுத்தி எழுந்து, அரை வட்டம் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். எந்தக் கட்டத்திலும் முழங்கால் 110 டிகிரியைத் தாண்டவில்லை. முதல் தடவை நான்கு நிமிடம் ஆனது. பத்து நாளில் அரை நிமிடமாகக் குறைந்தது. இறங்குவது இதையே திருப்பிச் செய்வது.

சம்மணத்துக்கு பிசியோதெரபிஸ்ட் சொன்ன பதில் இன்னும் நிதானமானது. படுத்த நிலையில் ஒருவர் அழுத்தினால் 115 மடங்குகிறது. தானாக மடக்கினால் அதைவிடக் குறைவு. அந்தக் குறைவான எண்தான் உண்மை. இழுத்துப் பிடித்துச் சம்மணம் போட்டால் மூட்டு மடங்குவதோடு முறுக்கவும் செய்யும். நடுவில் பிளாஸ்டிக் கொண்டி வைத்த மூட்டுகளில் அந்த முறுக்கல் கொண்டியில் போய் இடிக்கும். வலியில்லாமல், கையால் இழுக்காமல் கால் தானே விழுந்தால் விசேஷத்துக்குப் பத்து நிமிடம் உட்காரலாம். பூ கட்ட நான்கு மணி நேரம் கூடாது. குந்தி எழுவது எப்போதுமே கூடாது.

இப்படிப் பிரித்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கால் மணி. அதையும் அறுவைக்கு முன்பே சொல்ல வேண்டும். அப்போதுதான் எந்த வேலைக்காகக் கால் வேண்டும், கழிவறை எப்படி, கட்டில் உண்டா, தரையிலா தூக்கம் என்று கேட்கவும், இன்று கால் எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானியால் அளந்து காட்டவும் முடியும். 70 டிகிரிதான் மடங்குகிறவரிடம் சம்மணம் பற்றிய பேச்சையே எடுக்கக் கூடாது. 130 மடங்குகிறவர், தனக்கு முடியும் என்பதாலேயே எச்சரிக்கப்பட வேண்டியவர். கொரிய அறிக்கை சொல்லும் பாடம் அதுதான். ஒரு வருடம் வலியே இல்லாமல் இருந்துவிட்டு, எழுந்தவுடன் வைக்கும் முதல் சில அடிகளில் மட்டும் புதிதாக வலி வந்தால், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் அந்தக் கால் மணியிலேயே சொல்லிவிடலாம். தளர்ச்சி பெரும்பாலும் அப்படித்தான் வாய் திறக்கும்.

அக்கா இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் ஒரு டீப்பாயில் பூவைக் கொட்டிக் கட்டுகிறார். நாற்காலி உயரம் பற்றவில்லை என்று அடியில் பலகை கொடுத்தாயிற்று. மதியம் பேத்தி வந்தால் மட்டும் தரையில் இறங்கி, காலை நீட்டி, பக்கத்தில் நாற்காலியை வைத்துக்கொண்டு உட்காருகிறார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறார். முதல் வரியில் 'கீழே' என்ற சொல்லைப் பேனாவால் அடித்து, மேலே 'குந்தி' என்று எழுதியிருக்கிறது. பேத்தியின் கையெழுத்து.