பாதி கறுத்த இலை

தாவரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்ற எண்ணம் வலுவாக வேரூன்றுவதற்கு நாமக்கல் மாவட்டத்தின் புதுச்சத்திரம் வட்டாரத்தைப் போல் பொருத்தமான இடம் அரிது. இங்குள்ள செம்மண் காடுகளில் பயிராகும் மரவள்ளியை, அதாவது ஊர் வழக்கில் குச்சிக்கிழங்கை, ஏறத்தாழ பத்து மாதம் கழித்துப் பிடுங்கும்போது விளைச்சல் முழுவதும் மண்ணுக்குள்ளிருந்துதான் வெளிவருகிறது. ஒரே காட்டில் தொடர்ந்து கிழங்கு போட்டால் மண்ணின் சத்து போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வதையும் மாணவர் கேட்டே வளர்கிறார். கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும் ஒன்றையே சொல்லும்போது, தாவரம் தன் உணவை இலையில் தயாரிக்கிறது என்ற பாடநூல் வரியை அவர் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு, உள்ளூரப் பழைய எண்ணத்தையே வைத்துக்கொள்வது இயல்பானது. அந்த எண்ணத்தை எடுத்துவிடும் வேலையைப் பள்ளி ஆய்வகத்தின் எளிய இலைச் சோதனை எவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறது என்பதும், எந்த இடத்தில் அதற்குத் துணை தேவைப்படுகிறது என்பதும் ரசித்துப் பார்க்க வேண்டியவை.

இச்சோதனைக்கு அடிப்படையான வேதிவினை ஒன்றே. மாவுப்பொருளின் மீது, அதாவது ஸ்டார்ச்சின் மீது, அயோடின் கரைசல் பட்டால் கருநீல நிறம் தோன்றும். அறுத்த குச்சிக்கிழங்குத் துண்டில் ஒரு சொட்டு விட்டால் நொடியில் அது கறுத்துவிடுகிறது. அதே காட்டு மண்ணை நீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, நன்றாக ஆறிய பின் அத்தெளிவில் ஒரு சொட்டு விட்டால் அயோடினின் பழுப்பு நிறம் அப்படியே நிற்கிறது. மண்ணின் மீது நேராக விடாமல் வடித்த தெளிவில் விடுவதற்குக் காரணம், செம்மண்ணின் நிறம் எந்த மாற்றத்தையும் மறைத்துவிடும் என்பது. ஆறவைப்பதற்குக் காரணம், சூட்டில் கருநீலம் கலைந்து, ஆறினால்தான் திரும்பும் என்பது. இதனால் மண்ணில் மாவு இல்லை என்பது தெரிகிறது. ஆனால் மண்தான் செடிக்குள் போய் மாவாக மாறுகிறது என்று சொல்லும் மாணவரை இது இன்னும் தொடவில்லை.

அவரைத் தொடுவது இலை. செம்பருத்தி போன்ற மெல்லிய இலையுள்ள தொட்டிச் செடி ஒன்றை ஒன்று அல்லது இரண்டு நாள் முழு இருட்டில் வைப்பது முதற்படி. பல வகுப்புகளில் வெறும் முன்னேற்பாடாகக் கடந்துவிடும் இந்தப் படி, குச்சிக்கிழங்கு விளையும் ஊரில் பாடத்தின் பாதியைத் தாங்கி நிற்கிறது. பகலில் இலையில் சேர்ந்த மாவு இரவில் சர்க்கரையாக உடைந்து, இலை நரம்புகளின் வழியே தண்டுக்கும் வேருக்கும் இறங்குகிறது. புது மாவு சேர வழியில்லாத இருட்டில் இலை காலியாகிவிடுகிறது. மண்ணுக்குள் பருக்கும் கிழங்கு இவ்வாறு மேலிருந்து இறங்கும் சர்க்கரையால்தான் நிரம்புகிறது என்பதை இந்த இடத்தில் சொல்லாத ஆசிரியர் நல்ல வாய்ப்பொன்றை நழுவ விடுகிறார். இலை உண்மையில் காலியாகிவிட்டதா என்பதை ஓர் இலையைப் பறித்துச் சோதித்து உறுதி செய்துகொண்டே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதே பிற்பாடு இலை முழுவதும் கறுத்துப் போய் வகுப்பு குழம்புவதற்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

பிறகு, செடியிலிருந்து பறிக்காமலேயே, ஓர் இலையின் நடுவில் கறுப்புத் தாள் பட்டையொன்றை மேலும் கீழும் வைத்துக் கிளிப்பால் பிடித்து, செடியை நான்கைந்து மணி நேரம் நல்ல வெயிலில் வைக்கிறார்கள். கீழ்ப்பக்கத்தையும் மூடாவிட்டால் தரையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் போதும், எல்லைக்கோடு மங்கிவிடும். தாள் ஒளியை மட்டுமல்லாமல் காற்றையும் தடுத்திருக்கலாமே என்று கேட்கக்கூடிய கூர்மையான மாணவருக்காக, இன்னோர் இலையில் அதே அளவு கண்ணாடித் தாளை அதே போல் பிடித்துவைப்பது தேர்ந்த ஆசிரியரின் அடையாளம்.

மாலையில் பறித்த இலையை முதலில் கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்துகிறார்கள். இதனால் செல்கள் இறந்து, மாவு மேலும் மாறாமல் அப்படியே நின்றுவிடுகிறது. அடுத்து இலையைச் சாராயம் உள்ள சோதனைக் குழாயில் போட்டு, அக்குழாயைச் சுடுநீர் உள்ள முகவையில் நிறுத்துகிறார்கள். சாராயம் 78 டிகிரி செல்சியசிலேயே கொதித்து, அதன் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பை அணைத்துவிட்டே குழாயை வைக்க வேண்டும். ஒளியைப் பிடிக்கும் நிறமியான பச்சையம் மெல்லக் கரைந்து சாராயம் பச்சையாக, இலை வெளிறி, தொட்டால் ஒடிவதாக ஆகிறது. மீண்டும் வெந்நீரில் நனைத்து மென்மையாக்கி, வெள்ளைப் பீங்கான் தட்டில் விரித்து, இளம்பழுப்பாக நீர்த்த அயோடினைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, வெயில் பட்ட பகுதி முதலில் திட்டுத் திட்டாகவும் பிறகு சீராகவும் கருநீலமாகிறது; நடுவில் பட்டை வைத்த இடம் மட்டும் நேர்கோட்டு விளிம்புகளோடு வெளிர் பழுப்பாகவே நிற்கிறது. கண்ணாடித் தாள் வைத்த இலை முழுவதும் கறுக்கிறது. பச்சையம் முழுவதும் நீங்காத இலையில் எல்லாமே அழுக்குப் பழுப்பாகத் தெரியும். அயோடின் அடர்த்தியாக இருந்தாலும் அதே விளைவுதான். எந்த இலையும் உதவும் என்றும் எண்ணக் கூடாது. இவ்வட்டாரத்தில் பரவலாக விளையும் சின்ன வெங்காயத்தின் தாள், உணவை மாவாகச் சேர்க்காமல் சர்க்கரையாகவே வைத்திருப்பதால், நாள் முழுதும் வெயிலில் நின்றாலும் அயோடினுக்கு நீலமாவதில்லை.

இச்சோதனையின் அழகு அது ஒரே இலையில் நடக்கிறது என்பதில் இருக்கிறது. இரண்டு செடிகளை, ஒன்றை வெயிலிலும் ஒன்றை இருட்டிலும் வைத்து ஒப்பிட்டிருந்தால், இந்தத் தொட்டி மண்ணில் சத்து அதிகம் என்று ஒருவர் வாதிட இடமிருக்கும். இங்கோ கறுத்த பகுதிக்கும் வெளிறிய பகுதிக்கும் வேர் ஒன்று, தண்டு ஒன்று, தொட்டி ஒன்று, ஊற்றிய தண்ணீர் ஒன்று, நரம்புகூட ஒன்றுதான். மண்ணிலிருந்து ஆயத்த உணவு ஏறிவந்திருந்தால் பட்டைக்கு அடியிலும் அது வந்திருக்க வேண்டும்.

ஆயினும் விடாப்பிடியான மாணவருக்கு ஒரு மறுமொழி மிச்சமிருக்கிறது: மண் நீரோடு ஏறி வருகிறது, வெயில் அதை இலையில் மாவாகச் சமைக்கிறது. இந்த வாதம் இதுவரை கண்ட எல்லாவற்றோடும் பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. கறுப்புத் தாள் சோதனை ஒளி தேவை என்பதை மட்டுமே காட்டுகிறது. மூலப்பொருள் எது என்பதை அது சொல்வதில்லை. பல வகுப்புகள் இந்த இடத்தில் நின்றுவிடுவதால்தான், இலைச் சோதனையைத் தம் கையால் செய்தவர்களிடமும் மண்ணுண்ணும் எண்ணம் பிழைத்துக்கொள்கிறது.

அதற்கு விடை மோலின் அரை இலைச் சோதனையில் உள்ளது. மாவு நீங்கிய செடியின் இலை ஒன்றைப் பிளந்த தக்கையின் நடுவே செலுத்தி, அதன் ஒரு பாதி கண்ணாடிப் புட்டிக்குள்ளும் மறு பாதி வெளியிலும் இருக்குமாறு வைத்து, புட்டியின் அடியில் சிறிது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஊற்றுகிறார்கள். இக்கரைசல் புட்டிக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும். தோலை அரிக்கக்கூடியது என்பதால் ஆசிரியரே அதை ஊற்ற வேண்டும்; இலையில் அது பட்டாலும் இலை வெந்து சோதனை கெட்டுவிடும். தக்கையின் இடுக்குகளை வாசலின் தடவி அடைக்காவிட்டால் வெளிக்காற்று நுழைந்து, உள்பாதியும் மங்கலாகக் கறுக்கும். வெறும் தண்ணீர் ஊற்றிய இரண்டாவது புட்டி ஒன்றும் பக்கத்தில் இருந்தால், புட்டிக்குள் இருந்ததே குறைக்குக் காரணம் என்ற ஐயமும் தீரும். வெயில் முடிந்து அயோடின் விடும்போது, அதே மண்ணும் அதே நீரும் அதே ஒளியும் பெற்ற ஒரே இலையில், கார்பன் டை ஆக்சைடு மறுக்கப்பட்ட பாதி மட்டும் வெளிறி நிற்கிறது. ஒளியின் ஆற்றலால் நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து உணவாக்கும் இந்த நிகழ்வே ஒளிச்சேர்க்கை. இலையின் அடிப்பக்க இலைத்துளைகள் வழியே நுழையும் காற்றிலிருந்துதான் மாவின் கார்பன் வருகிறது.

காற்றுக்கு எடை உண்டு என்பதை நம்பக் கடினமாக இருப்பதே இங்குள்ள கடைசித் தடை. பெல்ஜிய மருத்துவர் வான் ஹெல்மோன்ட் இதே தடையில்தான் நின்றார். உலர்த்திய 200 பவுண்டு மண் நிரப்பிய தொட்டியில் 5 பவுண்டு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தபோது மரம் 169 பவுண்டுக்குச் சற்று மேல் எடை காட்டியது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ், அதாவது ஒரு கைப்பிடியளவு. அவர் மறைந்த பின் 1648இல் வெளியான நூலில் இது பதிவாகியுள்ளது. மண் மரமாகவில்லை என்று சரியாகவே முடிவு செய்தவர், மரம் முழுவதும் நீரிலிருந்து வந்தது என்று கொண்டது பாதிப் பிழை. வாயு என்பதற்கு ‘காஸ்’ என்ற பெயரை வழங்கியவரும், கரி எரியும்போது வரும் வாயுவைத் தனித்து அடையாளம் கண்டவரும் அவரே என்பதை நினைத்தால், அவ்வளவு அருகில் வந்தும் அதைத் தொட்டிக்குள் காணாதது வியப்பளிக்கிறது.

தொட்டி தேவைப்பட்டதற்குக் காரணத்தைக் குச்சிக்கிழங்குக் காட்டை வைத்தே விளக்கலாம். ஓர் ஏக்கரில், அதாவது சுமார் 4,000 சதுர மீட்டரில், 12 டன் கிழங்கு கிடைத்ததாகக் கொண்டால், ஈரம் போக எஞ்சுவது ஏறத்தாழ 4 டன். சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. அவ்வளவும் மண்ணிலிருந்தே வந்திருந்தாலும் ஒரு போகத்துக்குக் காடு தாழ்ந்திருக்கக்கூடியது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உழவும் மழையும் அதைவிட அதிகமாக மண்ணை நகர்த்திவிடும். ஆகவே காட்டைப் பார்த்து இவ்வெண்ணத்தை மறுக்க முடியாது, எடை போட்ட தொட்டியைப் பார்த்தே மறுக்க முடியும்.

பெரியவர்கள் சொல்லும் மண்ணின் இழப்பு இதனால் பொய்யாவதில்லை. காய்ந்த குச்சியை எரித்தால் கார்பன் காற்றுக்கே திரும்பிவிட, நூற்றுக்குச் சில பங்கு சாம்பல் எஞ்சுகிறது. மண் கொடுத்த சாம்பல் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதில் உள்ளன, தழைச்சத்து மட்டும் புகையோடு போய்விடுகிறது. குச்சிக்கிழங்கு சாம்பல் சத்தை நிறையவே எடுக்கும் பயிர். ஆனால் ஜவ்வரிசி ஆலையில் அரைத்து, வடித்து, தொட்டியில் படியவைத்து எடுக்கும் வெண்மாவில் அச்சத்து ஏறக்குறைய இல்லை. அந்த மாவு கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்னும் மூன்றால் மட்டும் ஆனது. லாரியில் ஏறும் மூட்டைகளில் காற்றும் நீரும்தான் போகின்றன. காட்டு மண் கொடுத்த பங்கு கிழங்கின் தோலோடும் திப்பியோடும் ஆலையின் கழிவுநீரோடும் பிரிந்துவிடுகிறது, அடுத்த போகத்துக்குப் பொட்டாஷ் உரம் வாங்க நேர்வது அந்தப் பங்கை ஈடுகட்டவே.